இருபத்து நாலா, பன்னிரண்டா?

ஒரு சின்னக் கேள்வி. கார்ட்டூன் படம் ஓடுகிறது. அதில் ஓர் எலி தொப்பியைக் கழற்றி, குனிந்து, ரொம்ப மரியாதையாக வணக்கம் வைக்கிறது. ஒரு விநாடி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு விநாடிக்காக அந்த எலியை எத்தனை முறை வரைந்திருப்பார்கள்?

சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். எனவே "24" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அநேகமாகத் தப்பு! பெரும்பாலான நல்ல கார்ட்டூன் படங்களில் விடை 12. வரைந்த ஒவ்வோர் எலியையும் கேமரா இரண்டு முறை படம் பிடித்திருக்கும். நம் கண்ணும் மறுபேச்சுப் பேசாமல் அதை நம்பிவிடும். அனிமேஷன்காரர்கள் இதற்கு 'டூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்ரேமுக்கு ஒன்றாக 24 படமும் வரைந்தால் அது 'ஒன்ஸ்'.

பாதி வேலையில் முழுப் பலன் கிடைக்கும்போது எவனாவது 24 வரைவானா என்று கேட்கத் தோன்றும். வரைந்தார்கள். அப்படி வரைந்த ஒரு மனிதர் ஆஸ்கர் வாங்கினார். பிறகு, ஏறக்குறைய அதே பிடிவாதத்தால் வாழ்நாள் கனவையே பறிகொடுத்தார். அவரிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கி, பாரீசுக்குப் போய்விட்டு வருவோம்.

1908 ஆகஸ்ட். எமீல் கோல் என்று ஒரு கேலிச்சித்திரக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோமோன் கம்பெனிக்காக அவர் செய்த 'ஃபாண்டாஸ்மகோரி' என்ற துண்டுப்படம் அந்த மாதம் திரையிடப்பட்டது. குச்சி குச்சியாக ஒரு கோமாளி. அவன் பாட்டிலாக மாறுகிறான், பாட்டில் பூவாக மாறுகிறது, பூ யானையாக... கதை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் உலகத்தில் கையால் வரைந்த அனிமேஷனின் ஆதிப் படங்களில் இதற்குத்தான் முதல் வரிசை.

கோல் அதை எப்படிச் செய்தார் தெரியுமா? ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குக் கீழே விளக்கு. வரைந்த காகிதத்தைக் கண்ணாடி மேல் வைப்பார். அதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒன்று. கீழே இருக்கிற கோமாளி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிவான். அவனைப் பார்த்துப் பார்த்து, கையை மட்டும் ஒரு நூல் தள்ளி, அடுத்த கோமாளியை வரைவார். இப்படிச் சுமார் 700 படங்கள். கேமரா முன் வைத்தபோது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்தார். ஆக 1400 ஃப்ரேம். அன்றைய மௌனப்படம் விநாடிக்குச் சுமார் 16 ஃப்ரேம் வேகத்தில் ஓடும். வகுத்துப் பாருங்கள், ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக வரும். படமும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

ஆக, இந்தத் தொழிலின் இரண்டு அடிப்படைச் சூத்திரங்களையும் ஒரே மனிதர் ஒரே படத்தில் கையாண்டுவிட்டார். ஒன்று, முந்தைய படத்தைக் காகிதத்தின் ஊடே பார்த்து அடுத்ததை வரைவது. இன்னொன்று, ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவது.

முதலாவதற்கு இப்போது 'ஆனியன் ஸ்கின்' என்று பெயர். வெங்காயத் தோல்! நமட்டுச் சிரிப்பு வேண்டாம், காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். டைப்ரைட்டர் காலத்தில் கார்பன் வைத்து நகல் எடுக்க மெல்லிசாக, சரசரவென்று, ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு தாள் வரும். அதற்கு ஆங்கிலத்தில் வெங்காயத்தோல் காகிதம் என்றுதான் பெயர். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் முந்தைய படம் ஒரு நிறத்திலும் அடுத்த படம் வேறு நிறத்திலும் ஆவி மாதிரி தெரியுமே, அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஊடே பார்ப்பது சரி. காகிதம் நகர்ந்துவிட்டால்? ஒரு நூல் நகர்ந்தால்கூடத் திரையில் கோமாளிக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். அமெரிக்காவில் வின்சர் மெக்கே 1914-ல் 'கெர்ட்டி' என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான மெல்லிய காகிதங்களில் வரைந்தபோது, மூலைகளில் சிலுவைக் குறி போட்டு ஒன்றோடொன்று பொருத்தினார். அதே காலகட்டத்தில் ராவுல் பாரே என்ற கனடாக்காரர் இன்னும் சுலபமான வழி ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காகிதத்தில் ஓட்டை, மேஜையில் முளை. ஓட்டையை முளையில் மாட்டிவிட்டால் எத்தனை காகிதம் அடுக்கினாலும் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். ஆபீஸில் ஃபைல் போடுகிற அதே சமாசாரம்தான்! 'பெக்' என்று சொல்லப்படும் அந்த முளைகள் இல்லாத அனிமேஷன் மேஜையைப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

லைட் பாக்ஸில் ஒரு கஷ்டம் உண்டு. மூன்று, நான்கு காகிதத்துக்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பது தெரியாது. அதனால் அனிமேட்டர்கள் இடது கை விரல்களுக்கு நடுவே நாலைந்து தாள்களைச் செருகிக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ஊடே பார்த்தால் படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தெரியும். புரட்டிப் பார்த்தால்தான் எப்படி அசைகின்றன என்பது தெரியும். இரண்டும் வேண்டும்.

இதில் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் விழுகிற ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருவன் கையைத் தொங்கவிட்டு இடமிருந்து வலமாக வீசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் ஓவியர் இரண்டு முனைகளை மட்டும் வரைந்து கொடுத்துவிடுவார். நடுவில் வருகிற படத்தை ஜூனியர் வரையவேண்டும். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார். இடது கை இங்கே, வலது கை அங்கே, சரி நட்டநடுவில் ஒரு கை என்று ஸ்கேல் வைத்தது போல் வரைந்துவிடுகிறார். திரையில் போட்டுப் பார்த்தால் நடுவில் வரும்போது கை ஒரு அங்குலம் குட்டையாகிவிடுகிறது! ஏன்? கை தோளில் மாட்டியிருக்கிற ஊசல். விரல் நுனி வில் போல் வளைந்து கீழே இறங்கித்தான் மறுபக்கம் ஏறவேண்டும். அவரோ இரண்டு முனைகளுக்கும் நேர்கோடு போட்டு, அதன் நடுவில் கையை வைத்துவிட்டார். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. எல்லாத் தாள்களையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனி இருக்கிற இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வில்லாக வளைந்தால் பிழைத்தோம். நேர்கோடாகப் போனால் ரப்பரைத் தேடவேண்டியதுதான்.

வெங்காயத் தோல் இடத்தைத்தான் காட்டும். நேரத்தை? அதற்குத்தான் 'எக்ஸ்போஷர் ஷீட்'. பிரிட்டனில் 'டோப் ஷீட்' என்பார்கள். போதை வஸ்துவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

பார்க்க மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். நீளமான தாள், குறுக்கே கோடுகள். ஒரு வரி ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு விநாடியில் 24-ல் ஒரு பங்கு. மேலிருந்து கீழே வரவர நேரம் ஓடுகிறது. இடப்பக்கம் 'இங்கே திரும்புகிறான், இங்கே தும்முகிறான்' என்று குறிப்பு. அடுத்த கட்டத்தில் வசனம். அதைக்கூட வார்த்தை வார்த்தையாக இல்லை, ஒலிநாடாவை ஓட்டிக் கேட்டு எந்த ஃப்ரேமில் 'ம்' வருகிறது, எந்த ஃப்ரேமில் 'ஆ' வருகிறது என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். அப்புறம் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பத்தி. உடம்பு ஒன்றில், வாய் ஒன்றில், முன்னால் நிற்கிற மரம் ஒன்றில். கடைசியில் கேமராவுக்கான கட்டளை. அந்தந்த வரியில் எந்தெந்த எண் படத்தை வைக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். கேமராக்காரர் படம் அழகாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். ஷீட் என்ன சொல்கிறதோ அதை வைத்துக் 'க்ளிக்' செய்வார். ஷீட்டில் 5, 7, 9 என்பதற்குப் பதிலாக 5, 9, 7 என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டால், திரையில் கை ஒரு கணம் வெடுக்கென்று பின்னால் போய் மறுபடி முன்னால் வரும். ஓவியங்களில் குற்றமே இருக்காது!

டூஸில் வேலை செய்கிறவர்கள் படங்களுக்கு 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் எண் போடுவார்கள். ஏன், 1, 2, 3 என்று போடக்கூடாதா? படத்தின் எண்ணும் ஷீட்டின் வரி எண்ணும் ஒன்றாக இருந்தால் கணக்கு குழம்பாது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யம். நாளைக்கே இந்த இடத்துக்கு ஒன்ஸ் தேவை என்று தோன்றினால், 2, 4, 6 என்று நாற்காலிகள் காலியாகக் காத்திருக்கும். புதுப் படங்களை வரைந்து உட்காரவைக்கவேண்டியதுதான் பாக்கி.

ஒரு சின்னக் காட்சியை இரண்டு விநாடிக்கு, அதாவது 48 வரிக்கு எழுதிப் பார்ப்போமா? ஒரு முயல் நிற்கிறது. சத்தம் கேட்டுக் காதை விறைத்துக்கொண்டிருக்கிறது. அதே படம், 1 முதல் 12 வரை நிறுத்திவிடலாம். பிறகு பதுங்குகிறது. பதுங்குவதை நாம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 13, 15, 17, 19 என்று டூஸில் நாலு படம். சட்டென்று தாவல்! இங்கே 21 முதல் 26 வரை ஒன்ஸில் ஆறு படம். தரையில் இறங்கி உடம்பு அடங்குவது 27, 29, 31 என்று மறுபடி டூஸ். கடைசியில் 33-ஆம் படம், 48-ஆம் வரி வரைக்கும் அப்படியே நிற்கிறது. மொத்தம் எத்தனை வரைந்தோம்? 15. முழுக்க ஒன்ஸில் செய்திருந்தால் 48. பார்க்கிறவருக்கு முயல் உயிரோடு பதுங்கித் தாவியதாகத்தான் தோன்றும்.

தாவலுக்கு மட்டும் ஏன் ஒன்ஸ்? இதில்தான் விஷயமே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள தூரம் கொஞ்சமாக இருந்தால் நம் மூளை இரண்டையும் ஒட்டிக்கொள்ளும். தூரம் அதிகமாகிவிட்டால் ஒட்டாது. ஒரு முயல் இரண்டாகி, தெறித்துத் தெறித்துத் தெரியும். சாதாரணமாக நடக்கிற ஒருவன் ஓர் எட்டு வைக்க 12 ஃப்ரேம் எடுத்துக்கொள்வான். டூஸில் அதற்கு 6 படம், தாராளம். அதே ஆள் தலைதெறிக்க ஓடினால் ஓர் எட்டுக்கு 6 ஃப்ரேம்தான். டூஸ் என்றால் வெறும் மூன்றே படம்! எந்தக் கால் முன்னால் போனது, எந்தக் கால் பின்னால் வந்தது என்றே புரியாமல் போய்விடும். அதனால்தான் நடைக்கு டூஸ், ஓட்டத்துக்கு ஒன்ஸ் என்று ஒரு பொதுவான வழக்கம் உண்டாயிற்று.

வேகம் இல்லாமலேயே ஒன்ஸ் கேட்கிற இன்னோர் இடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். ஏனென்றால் நம் கதாநாயகர் ஜெயித்தது அங்கேதான்.

ஒரு பாத்திரம் தெருவில் நடக்கிறது. கேமரா கூடவே போகிறது. நிஜத்தில் கேமரா எங்கும் போகாது. பாத்திரத்தைத் திரையின் நடுவில் நடக்கவிட்டு, பின்னால் உள்ள தெரு ஓவியத்தை ஃப்ரேமுக்குக் கால் அங்குலம் வீதம் பின்னால் இழுப்பார்கள். தரையில் ஊன்றிய கால், தரையோடு சேர்ந்து பின்னால் போகவேண்டும். இப்போது டூஸில் நடக்கவிடுங்கள். முதல் ஃப்ரேமில் காலும் தரையும் சரியாகப் பொருந்தியிருக்கின்றன. இரண்டாவது ஃப்ரேமில் தெரு கால் அங்குலம் நகர்ந்துவிட்டது. ஆனால் பாத்திரம் அதே பழைய படம். கால் அங்கேயே நிற்கிறது. அதாவது தரையில் கால் அங்குலம் வழுக்கிவிட்டது! மூன்றாவது ஃப்ரேமில் புதுப் படம் வந்து காலை அரை அங்குலம் பின்னால் இழுத்துச் சரிசெய்கிறது. நாலாவதில் மறுபடி வழுக்கல். விநாடிக்குப் பன்னிரண்டு முறை இப்படி வழுக்கி வழுக்கிச் சரிசெய்தால் எப்படி இருக்கும்? எண்ணெய் கொட்டிய தரையில் வலிப்பு வந்தவன் நடப்பது மாதிரி இருக்கும்.

தெருவையும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு முறை நகர்த்தலாமே என்பீர்கள். அப்போது வீடுகளும் விளக்குக் கம்பங்களும் உதறும். மலிவான கார்ட்டூன்களில் நடக்கிற ஆட்களை ஏன் அடிக்கடி இடுப்புவரைக்கும் மட்டும் காட்டுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? காலைக் காட்டினால்தானே வழுக்கும்! நியாயமாகச் செய்யவேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. ஃப்ரேமுக்கு ஒரு படம். ஒன்ஸ்.

இனி ரிச்சர்ட் வில்லியம்ஸ்.

1933-ல் டொரன்டோவில் பிறந்து, லண்டனில் ஸ்டூடியோ வைத்தவர். முப்பது சொச்சம் வயதிலேயே பரிசுகள், பெயர், விளம்பரப்பட வருமானம் எல்லாம் வந்துவிட்டன. 1967-ல் டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு, தனக்கு இந்தத் தொழிலே தெரியாது என்று தோன்றிவிட்டதாம். உடனே என்ன செய்தார்? ஹாலிவுட்டின் பழைய ஜாம்பவான்களைத் தேடிப் பிடித்தார். ரோட் ரன்னரைத் துரத்தி மலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்குமே ஓர் ஓநாய், அதை அசைத்தவர்களில் முக்கியமானவரான கென் ஹாரிஸ் வந்தார். டிஸ்னியில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி மோதிய ஆர்ட் பாபிட் 1973-ல் லண்டனுக்கு வந்து பாடம் எடுத்தார். முதலாளி, தன் சம்பளக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டார்! (நம் ஊர் முதலாளிகளைக் கற்பனை செய்து பார்க்காதீர்கள்.)

டூஸா ஒன்ஸா என்ற சண்டை பழைய ஆட்களிடையே நெடுநாளாக உண்டு. டூஸ் சிக்கனம் மட்டுமில்லை, அதில் ஒரு துள்ளல் இருக்கிறது, நடுவே இன்னொரு படத்தைத் திணித்தால் எல்லாம் வழவழவென்று கூழாகிவிடும் என்பது ஒரு கட்சி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏற்கெனவே டூஸில் யோசித்து வரைந்ததற்கு நடுவில் ஜூனியரை விட்டு நட்டநடுப் படங்களாக நிரப்பினால், முயலின் தாவல் நீச்சலாகிவிடும். வில்லியம்ஸ் மறு கட்சி. ஆரம்பத்திலிருந்தே ஒன்ஸ் என்று யோசித்து வரைந்தால் அதன் அழகே தனி என்பது அவர் அபிப்பிராயம். சாதாரண அசைவுக்கு டூஸ் போதும் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ். படம், 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்'. நிஜ மனிதர்களும் கார்ட்டூன் முயலும் ஒரே அறையில் நடமாடவேண்டும். அதுவரை இப்படிப்பட்ட படங்களுக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. நிஜ மனிதரும் கார்ட்டூனும் சேர்ந்து வருகிற ஷாட்டில் கேமராவை ஆணி அடித்தது போல் நிறுத்திவிடவேண்டும். கேமரா அசைந்தால் கார்ட்டூன் தரையிலிருந்து கழன்றுவிடும்!

ஏன் கழன்றுவிடும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். கேமரா நகர்ந்தால் நிஜத் தரை ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்கிறது. அதன் மேல் டூஸ் முயலை நிறுத்தினால், ஒரு ஃப்ரேம் பொருந்தும், ஒரு ஃப்ரேம் வழுக்கும். முன்னே பார்த்த தெரு ஓவியத்திலாவது நகர்வு சீராக இருந்தது. இங்கே கேமரா முன்னால் போகிறது, சுற்றுகிறது, குலுங்குகிறது. முயல் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்கூடப் பிரயோஜனம் இல்லை. பார்க்கிற கோணம் மாறிவிட்டதே! அசையாத முயலையும் ஃப்ரேமுக்கு ஒரு முறை புதிதாக வரையவேண்டும்.

வில்லியம்ஸ் ஜெமெக்கிஸிடம் சொன்னது ரொம்ப எளிது. கேமராவை உங்கள் இஷ்டப்படி நகர்த்துங்கள், நாங்கள் வரைகிறோம். கேமராவை நிறுத்துவது சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி.

எப்படி வரைந்தார்கள்? நடிகர் பாப் ஹாஸ்கின்ஸ் காற்றோடு பேசி, காற்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நடித்த ஃபிலிம் வந்தது. அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பெரிய போட்டோப் பிரதிகளாக அச்சடித்து, ஓட்டை போட்டு, பெக்கில் மாட்டினார்கள். லைட் பாக்ஸில் அடியில் ஹாஸ்கின்ஸ். அதன் மேல் காகிதம். அவருடைய விரல்கள் வளைந்திருக்கிற இடத்தில் முயலின் கழுத்து வரவேண்டும். எமீல் கோலின் அதே கண்ணாடி, அதே விளக்கு! ஆனால் வெங்காயத்தின் அடித்தோல் ஒரு நிஜ மனிதன். அவன் தோள் ஒரு நூல் அசைந்தால் முயலும் அசைந்தாகவேண்டும். அதோடு முடியவில்லை. முயல் தட்டையாகத் தெரியக்கூடாது என்பதற்காக அதன் உடம்பில் விழும் வெளிச்சம், இருட்டு, தரையில் விழும் நிழல் எல்லாம் தனித்தனி அடுக்காகப் போய், கலிஃபோர்னியாவில் ஐ.எல்.எம். நிறுவனத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. ஷீட்டில் ஒன்ஸ் என்று எழுதினால் முயல் மட்டும் இரண்டு மடங்காகாது. அதன் நிழலும் இரண்டு மடங்கு, வெளிச்சமும் இரண்டு மடங்கு.

படத்தில் ஓர் அறைக்காட்சி. தொங்குகிற விளக்கில் ஹாஸ்கின்ஸ் தலை இடித்துவிட, விளக்கு ஊஞ்சலாடுகிறது. அறை முழுக்க நிழல்கள் ஆடுகின்றன. முயலின் உடம்பிலும் அதே கணக்கில் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. விளக்கு இடிக்காமல் இருந்திருந்தால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாராவது வாய்ப்புக் கிடைக்கும்போது அந்தக் காட்சியை நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

1988 ஜூனில் படம் வந்தது. 1989 ஆஸ்கர் மேடையில் வில்லியம்ஸுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் பரிசில் ஒரு பங்கு, அதற்கு மேல் தனியாக ஒரு சிறப்புப் பரிசு.

இவ்வளவும் வாங்கியது எதற்காக? அவர் மனசெல்லாம் வேறொரு படத்தில் இருந்தது. அறுபதுகளின் நடுவிலிருந்து, விளம்பரப்படத்தில் வந்த காசையெல்லாம் போட்டு, கிடைத்த நேரத்தில் வரைந்துகொண்டிருந்த படம். பாரசீக ஓவியம் உயிர்பெற்றது மாதிரி ஓர் ஊர், பேசாத செருப்புத் தைப்பவன், ஈ மொய்க்கிற திருடன், சிக்சாக் என்று ஒரு மந்திரி. பெயர் பலமுறை மாறி 'தீஃப் அண்ட் தி காப்ளர்' என்று நின்றது. ரோஜர் ராபிட்டின் வெற்றியைப் பார்த்து வார்னர் பிரதர்ஸ் பணம் கொடுக்க முன்வந்தது.

அந்தப் படத்தின் பெரும்பகுதி ஒன்ஸ். பிடிவாதம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட அரண்மனையில் ஒரு துரத்தல் வருகிறது. தளமும் படிக்கட்டும் சுவரும் கண்ணைக் கட்டுகிற மாதிரி சுழலும். அந்தத் தரையை நகர்த்த முடியாது, அதுவே ஓவியம். ஒவ்வொரு கட்டத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைந்திருக்கிறார்கள். பளிச்சென்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகள் டூஸில் நகர்ந்தால் கண்ணில் குத்தித் துடிக்கும். அங்கே ஒன்ஸ் தவிர வேறு வழியில்லை. ஆனால் மந்திரி உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைப்பது? ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாக விசிறியாகி, ஆறாக ஓடி, கைக்குத் திரும்புகிறது. அதை நான் ஆச்சரியத்தோடு பலமுறை பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளராக இருந்து பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பாத்திரம், ஒரு நிமிடம், ஒன்ஸ் என்றால் 1440 படங்கள். எண்பது நிமிடத்துக்கு 1,15,200. டூஸ் என்றால் 57,600. இது ஒரே ஒரு பாத்திரத்துக்கு! ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, கோட்டைத் துல்லியமாக்கி, செல் தாளுக்கு மாற்றி, பின்பக்கம் வண்ணம் அடித்து, படம் பிடிக்கவேண்டும்.

வார்னர் கொடுத்த கெடு தாண்டிவிட்டது. அதற்குள் டிஸ்னியில் 'அலாவுதீன்' தயாராகிக்கொண்டிருந்தது. அதிலும் அரபு ஊர், அதிலும் ஒரு மந்திரி. 1992 மே மாதம், இன்னும் சுமார் 15 நிமிடப் படம்தான் பாக்கி என்ற நிலையில், வார்னர் விலகிக்கொண்டது. படம் முடியும் என்று உத்தரவாதம் கொடுத்திருந்த நிதிக் கம்பெனி வில்லியம்ஸை வெளியேற்றிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டது. அவர்கள் ஃப்ரெட் கால்வர்ட் என்பவரை வைத்து, பாட்டுகளைச் சேர்த்து, பல காட்சிகளைத் தூக்கிவிட்டு, அவசர அவசரமாக முடித்தார்கள். 1993-ல் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு பெயரில் வந்தது. 1995-ல் அமெரிக்காவில் இன்னும் வெட்டி, பேசாத பாத்திரங்களையெல்லாம் பேசவைத்து, வேறு பெயரில் விட்டார்கள். எடுபடவில்லை. சேர்க்கப்பட்ட காட்சிகளையும் வில்லியம்ஸின் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பயிற்சியில்லாத கண்ணுக்கும் ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

ஒன்ஸ்தான் படத்தைக் கொன்றது என்று ஒரே வரியில் சொல்வது நியாயமில்லை. கதையை முதலிலேயே படப்படமாகப் போட்டு முடிவுசெய்துகொள்ளாமல் காட்சி காட்சியாக வளர்த்துக்கொண்டே போனது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் 15 நிமிடம் மிச்சம் இருந்தபோது கெடு முடிந்தது என்றால், சீட்டுக்கட்டு மாதிரியான காட்சிகளில் ஷீட்டில் ஒன்றுவிட்டு ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

பல வருடங்கள் வில்லியம்ஸ் அந்தப் படத்தைப் பற்றிப் பொதுவில் அதிகம் பேசவில்லை. 2001-ல் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' என்று ஒரு தடிப் புத்தகம் போட்டார். ஹாரிஸும் பாபிட்டும் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது, ஒன்ஸா டூஸா என்பது உட்பட. அவர் 2019-ல் காலமானார்.

அதற்கு முன்பு, 2013-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆஸ்கர் அகாடமியின் அரங்கில் அந்தப் படம் ஒரு முறை திரையிடப்பட்டது. பிறர் முடித்தது அல்ல. 1992 மே மாதம் கையைவிட்டுப் போன அன்று எந்த நிலையில் இருந்ததோ, அந்தப் பிரதி. வில்லியம்ஸும் வந்திருந்தார். வண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கிற படம் சில இடங்களில் திடீரென்று வெள்ளைக் காகிதத்தில் பென்சில் கோடுகளாகிவிடும். கோடுகள் அசையும், நடக்கும், திரும்பும். இன்னும் சில இடங்களில் அதுவும் இல்லாமல், வரையப்படாத காட்சிகளுக்குப் பதிலாக ஸ்டோரி போர்டு படங்கள் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்.